கிணற்று நீரும் ஆறு அட்டைகளும்: ஒரு விஞ்ஞானச் செயற்றிட்டத்தைக் கரோசலாகக் காட்டுவது எப்படி?

கைப்பேசித் திரையில் விரலால் பக்கவாட்டில் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் படத்தொகுதியைக் கரோசல் என்கிறோம். இன்ஸ்டகிராம் 2017ஆம் ஆண்டில் ஒரே பதிவில் பத்துப் படங்கள் வரை சேர்க்க வழி செய்தது. 2024இல் அந்த எல்லை இருபதாயிற்று. புடவைக் கடைகளும் பயணப் படங்களும் நிறைந்த அந்த வடிவம் இப்போது பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கும் வந்திருக்கிறது. மாணவர் தமது செயற்றிட்டத்தின் கேள்வி, செய்முறை, பெறுபேறு, நேர்ந்த பிழை ஆகிய நான்கையும் அட்டைகளாக்கி, மேசைக்கு வர முடியாதவர்களுக்கும் காட்டுகிறார். இந்த நான்கில் முதல் மூன்றும் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்துவிடுகிற பகுதிகள். நான்காவதுதான் பெரும்பாலும் "நேரம் போதவில்லை", "சில தவறுகள் நேர்ந்தன" என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகிறது. உண்மையில் பிழையைச் சொல்லும் அட்டை பெறுபேற்று அட்டையின் தொடர்ச்சியாகும்: பெறுபேறு எந்தப் பக்கம் சரிந்தது, எவ்வளவு சரிந்தது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் அதுவே.

இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு செயற்றிட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது நல்லது. கோண்டாவிலில் தரம் ஒன்பதில் படிக்கும் என் பெறாமகள், வீட்டுக் கிணற்று நீரை வைத்துச் செய்த செயற்றிட்டம் இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்து, கல்சியத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. இவ்வாறு கல்சியமும் மகனீசியமும் கரைந்திருக்கும் தன்மையைத்தான் பாடப்புத்தகம் நீரின் வன்மை என்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையும், குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும் அதன் அடையாளங்கள். இதில் ஒரு பகுதி, கல்சியம் இருகாபனேற்றாக இருக்கும் பகுதி, கொதிக்க வைத்தால் பிரிந்து கல்சியம் காபனேற்றாக அடியில் படிந்துவிடும்:

Ca(HCO₃)₂ → CaCO₃ + H₂O + CO₂

இது தற்காலிக வன்மை. சல்பேற்று, குளோரைட்டு ஆகியவற்றோடு சேர்ந்திருக்கும் கல்சியமும் மகனீசியமும் கொதித்தாலும் போகாது; அது நிலையான வன்மை. ஆகவே கொதிக்க வைத்த நீரில் வன்மை குறையும், ஆனால் முழுவதும் போகாது என்பது பாடத்திலேயே இருக்கிறது. எவ்வளவு குறையும் என்பதுதான் ஒவ்வொரு கிணற்றுக்கும் வேறுபடுவது. அதனால்தான் அது செயற்றிட்டத்துக்கு உரிய கேள்வியாகிறது.

அவள் முதலில் எழுதிய கேள்வி "யாழ்ப்பாணத் தண்ணீர் ஏன் வன்மையானது?" என்பது. இதற்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் எந்த அளவீட்டைச் செய்தாலும் அந்தக் கேள்விக்கு அது விடையாகாது. அதைத் திருத்தி, "எங்கள் கிணற்று நீரை 15 நிமிடம் கொதிக்க வைத்தால், நுரை நிற்பதற்குத் தேவைப்படும் சவர்க்காரக் கரைசல் எவ்வளவு குறையும்?" என்று எழுதினாள். எந்த நீர், என்ன மாற்றம், எதை அளப்பது என்ற மூன்றும் இந்த வாக்கியத்தில் இருக்கின்றன. முதல் அட்டையில் இந்த வாக்கியமும் கேத்தலின் அடிப்பகுதியைக் காட்டும் ஒரு படமும் மட்டுமே இருந்தன. பாடசாலையின் பெயரையும் வழிகாட்டியவர்களின் பெயர்ப்பட்டியலையும் முதல் அட்டையில் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நான் அதை விரும்புவதில்லை. பார்ப்பவர் அடுத்த அட்டைக்குப் போவதா விடுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் கேள்வியே நிற்க வேண்டும்.

செய்முறைக்கு இரண்டு அட்டைகள் தேவைப்பட்டன. சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும் என்பதுதான் அளவீட்டின் அடிப்படை: நீரில் உள்ள கல்சியமும் மகனீசியமும் தீரும்வரை போடுகிற சவர்க்காரம் எல்லாம் கசடாகும், தீர்ந்த பின்னரே நுரை நிற்கும். ஆகவே நுரை நிற்க எவ்வளவு சவர்க்காரக் கரைசல் போனது என்று அளந்தால், வன்மை எவ்வளவு இருந்தது என்று மறைமுகமாகத் தெரிந்துவிடும். இது இரண்டாவது அட்டை. மூன்றாவது அட்டையில் அளவுகள் வந்தன. சலவைச் சவர்க்காரக் கட்டியைத் துருவி, அதில் 2 கிராமைப் பாடசாலைத் தராசில் நிறுத்து, 250 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் இளஞ்சூட்டில் கரைத்தாள். (காய்ச்சி வடித்த நீருக்காக ஆய்வுகூடத்தைத் தேட வேண்டியதில்லை, வாகனம் திருத்தும் இடங்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் இந்த வேலைக்குப் போதும்.) மூடியுள்ள சிறிய போத்தலில் 20 மில்லிலீற்றர் கிணற்று நீரை எடுத்து, ஊசியில்லாச் சிறிஞ்சினால் ஒவ்வொரு தடவையும் 0.5 மில்லிலீற்றர் சவர்க்காரக் கரைசலைச் சேர்த்து, பத்து விநாடி குலுக்கி, நுரை ஒரு நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்தினாள். ஒவ்வொரு வகை நீருக்கும் மூன்று தடவை.

அந்த "ஒரு நிமிடம்" என்ற வரையறை அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். "நுரை வரும்வரை" என்று மட்டும் எழுதினால், வேறொருவர் அதே சோதனையைச் செய்யும்போது முதல் குமிழி தோன்றியதும் நிறுத்திவிடுவார். அவருடைய எண்ணும் இவளுடைய எண்ணும் ஒப்பிட முடியாதவையாகிவிடும். இந்தச் சோதனையில் முதலில் வரும் நுரை ஏமாற்றும் நுரை. சில விநாடிகளில் அது பொருக்குப் பொருக்காக உடைந்து, கீழே பால் கலந்ததுபோல நீர் கலங்கி நிற்கும். நிலைத்த நுரை வரும்போது போத்தலைக் குலுக்கும் ஓசையே மாறுகிறது. சளசளவென்ற சத்தம் அடங்கி மெத்தென்று ஆகிவிடும். இந்த ஓசையை அவள்தான் கவனித்துச் சொன்னாள். அட்டையில் அதற்கு இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

நான்காவது அட்டை பெறுபேறு. காய்ச்சி வடித்த நீருக்கே 0.5 மில்லிலீற்றர் தேவைப்பட்டது. வன்மை இல்லாத நீரும் நுரைப்பதற்குக் கொஞ்சம் சவர்க்காரம் வேண்டும் என்பதால், இதை மற்ற எல்லா எண்களிலிருந்தும் கழிக்க வேண்டும். கொதிக்க வைக்காத கிணற்று நீருக்கு 8.5, 9.0, 9.5 என வந்து சராசரி 9.0 ஆயிற்று, கழித்தால் 8.5. கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாக எடுத்த நீருக்கு 5.5, 6.0, 6.5 என வந்து சராசரி 6.0, கழித்தால் 5.5. ஆக 8.5 என்பது 5.5 ஆகியிருக்கிறது, அதாவது 35 சதவீதக் குறைவு. கணிப்பான் 35.29 என்று காட்டியதை அப்படியே அட்டையில் போட்டிருந்தாள். சிறிஞ்சில் அரை மில்லிலீற்றர்ப் படியாகச் சேர்க்கும்போது மூன்று தடவைகளுக்குள்ளேயே ஒரு மில்லிலீற்றர் வேறுபாடு வருகிறது. அந்த நிலையில் தசம தானங்கள், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். அவற்றை நீக்கச் சொன்னேன்.

பிழைக்கு வருவோம். ஏதோ தவறியிருக்கிறது என்பது எண்களிலிருந்து தெரியவில்லை. மூன்று அளவீடுகளும் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்திருந்தன. கொதிக்க வைத்தால் வன்மை குறையும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறியிருந்தது. தெரியவந்தது அட்டைக்காக அவள் எடுத்து வைத்திருந்த படத்திலிருந்து. தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் உட்சுவரில், தொடக்கத்தில் நீர் நின்ற மட்டத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று படிந்திருந்தது. நீரோ அதற்கு ஒரு விரற்கிடை கீழே நின்றது. கொப்பியைப் புரட்டினால் ஓரத்தில் பென்சிலால் "ஆறிய பின் 400" என்று எழுதியிருந்தாள். பாத்திரத்தில் ஊற்றியது 500 மில்லிலீற்றர். கால் மணி நேரத்தில் 100 மில்லிலீற்றர் ஆவியாகிப் போயிருந்தது.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. கொதித்துப் படியாத நிலையான வன்மை முழுவதும் மிஞ்சிய 400 மில்லிலீற்றருக்குள் நெருங்கி நிற்கும். ஆகவே கொதித்த நீரில் அவள் எடுத்த 20 மில்லிலீற்றருக்குள், தொடக்கத்தில் 25 மில்லிலீற்றரில் இருந்த அளவு உப்பு இருந்தது. குடித்து மீதி வைத்த தேநீர்க் குவளையில் சீனி அடர்ந்துவிடாது. அடுப்பில் சுண்ட வைத்த பாயாசத்தில் அடர்ந்துவிடும். இங்கே நடந்தது இரண்டாவது. எனவே கொதித்த நீரின் வன்மை உண்மைக்கு மேலாக அளக்கப்பட்டது. குறைவு உண்மைக்குக் கீழாகத் தெரிந்தது. பிழையின் திசை இது.

அளவும் கணக்கிடக் கூடியதே. 5.5ஐ 400/500 ஆல் பெருக்கினால் 4.4 வருகிறது. 8.5 என்பது 4.4 ஆகக் குறைந்ததென்றால் குறைவு 48 சதவீதம். ஒரு பாத்திரத்தின் நீர்மட்டத்தைக் கவனிக்காமல் விட்டதில் 48 என்பது 35 ஆகியிருக்கிறது. கிணற்று நீரின் வன்மையில் ஏறக்குறைய பாதி தற்காலிகமானது என்ற முடிவு, மூன்றிலொரு பங்குதான் என்று மாறிப்போயிருக்கிறது.

கணக்கால் திருத்துவது ஒரு வழி. ஆனால் அந்தக் கணக்கு, சவர்க்காரத்தின் அளவு வன்மையோடு நேர்விகிதத்தில் ஏறும் என்று எடுத்துக்கொள்கிறது. அது ஏறத்தாழ உண்மை என்றாலும் இந்தக் கரைசலுக்கு நாங்கள் அதைச் சோதிக்கவில்லை. அதனால் இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தாள். இம்முறை கொதித்து ஆறிய நீரை அளவுச்சாடியில் ஊற்றி, மீண்டும் 500 மில்லிலீற்றர் ஆகும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்த பிறகே சோதித்தாள். சவர்க்காரக் கரைசல் வைத்திருக்க வைத்திருக்கக் கலங்கித் தடித்துப்போவதால் அதைப் புதிதாகத் தயாரித்து, காய்ச்சி வடித்த நீரையும் கொதிக்காத கிணற்று நீரையும் திரும்ப அளந்தாள். அவை முன்போலவே 0.5, 9.0 என வந்தன. கொதித்த நீருக்குச் சராசரி 5.0 வந்தது, கழித்தால் 4.5. குறைவு 47 சதவீதம். கணக்கு சொன்ன 48உம் அளவீடு சொன்ன 47உம் இவ்வளவு நெருங்கி வந்ததில், பிழையின் காரணத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறோம் என்று நம்ப இடமிருக்கிறது.

அப்படியானால் நான்காவது அட்டையில் 35ஐ அழித்துவிட்டு 47 என்று போடலாமா? அவள் முதலில் அதையே செய்ய விரும்பினாள்.

"சித்தி, பிழையை எல்லாருக்கும் காட்டினா புள்ளி குறைச்சுப் போடமாட்டினமோ?" என்று கேட்டாள்.

அழித்துவிட்டால் ஐந்தாவது அட்டைக்குப் பொருளே இல்லாமல் போகும் என்று விளக்கினேன். இறுதியில் நான்காவது அட்டையில் முதலில் வந்த 35 சதவீதமே நின்றது, ஆனால் அதன் கீழேயே, அதே எழுத்தளவில், "ஆவியான நீரைச் சேர்க்கவில்லை, திருத்தம் அடுத்த அட்டையில்" என்ற வரி இருந்தது. இந்த வரியை அட்டைக்கு வெளியே, பதிவின் விவரக் குறிப்பில் எழுதினால் போதாது. கரோசலில் பார்ப்பவர் எங்கே நிறுத்துவார் என்று சொல்ல முடியாது. பெறுபேற்றைக் கண்டதும் பலர் நிறுத்திவிடுவர். சிலர் அந்த ஒரு அட்டையை மட்டும் திரைப்பிடிப்பு எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவர். தனியாகப் பிரிந்து போகும் அட்டை தன் குறையையும் தன்னோடு எடுத்துப்போக வேண்டும். அச்சிட்ட காட்சிப் பலகைக்கு இந்தக் கவலை இல்லை, ஏனெனில் அதில் எல்லாம் ஒரே பார்வைக்குள் இருக்கின்றன.

ஐந்தாவது அட்டையில் வெள்ளைக் கோடு தெரியும் பாத்திரத்தின் படம், 500 என்றும் 400 என்றும் இரண்டு அம்புக்குறிகள், அவற்றின் கீழே மூன்று பட்டைகள் கொண்ட வரைபடம்: கொதிக்காதது 8.5, கொதித்தது 5.5, நீர் சேர்த்துச் சரிசெய்தது 4.5. இந்த அட்டையில் சொற்கள் மிகக் குறைவு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், 1080 படப்புள்ளி அகலமுள்ள அட்டையில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் போனாலே எழுத்து சிறுத்துவிடுகிறது. சில படத்தொகுப்புச் செயலிகளில் கொம்பும் காலும் பிரிந்து எழுத்தே உருக்குலைந்துபோவதும் உண்டு. அவள் ஒரு கட்டத்தில் சலித்துப்போய், கொப்பித் தாளில் அழகாக எழுதிப் படமெடுத்துப் போட்டாள். அது அச்செழுத்தைவிட நன்றாகவே அமைந்தது.

ஆறாவது அட்டைக்கு எஞ்சியவை வேறு வகைப் பிழைகள். எல்லாப் பிழையும் ஆவியான நீரைப்போலக் கணக்குக்கு உட்படுவதில்லை. முதல் நாள் சவர்க்காரக் கட்டிக்குப் பதிலாகச் சலவைத் தூளைக் கரைத்துச் சோதித்திருந்தாள். கிணற்று நீரும் காய்ச்சி வடித்த நீரும் முதல் அரை மில்லிலீற்றரிலேயே ஒன்றுபோலப் பொங்கி நுரைத்தன. சலவைத் தூளில் உள்ள செயற்கை அழுக்ககற்றிகள் சவர்க்காரத்தைப் போலக் கல்சியத்தோடு கூடிக் கசடாவதில்லை. வன்மையுள்ள நீரிலும் நுரைக்க வேண்டும் என்பதற்காகவே அவை ஆக்கப்பட்டவை. ஆகவே அந்த எண்களைத் திருத்த வழியில்லை, விட்டுவிடத்தான் வேண்டும். விட்டதை ஏன் விட்டோம் என்று ஒரு வரியில் எழுதினால் போதும். அடுத்த ஆண்டு இதே சோதனையைச் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு ஒரு பின்னேரம் மிச்சமாகும்.

இன்னொன்று, கொதித்த நீரை வடிதாளில் வடிக்காமல் மேலாக மட்டும் எடுத்தது. நுண்ணிய வெள்ளைத் துகள்கள் கொஞ்சம் கூடவே வந்திருக்கும். அவை குலுக்கும்போது சிறிதளவு சவர்க்காரத்தைப் பிடித்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். வடித்த நீரையும் வடிக்காத நீரையும் அருகருகே வைத்துச் சோதிக்காத வரையில் இதன் அளவைச் சொல்ல முடியாது. இத்தகைய இடத்தில் "இது பெறுபேற்றைப் பாதிக்கவில்லை" என்று எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அவள் எழுதியது: "வடிக்கவில்லை. பாதிப்பு எவ்வளவு என்று அளக்கவில்லை."

பெறுபேறு எதுவரை செல்லும் என்பதையும் அந்த அட்டையிலேயே எழுத வேண்டியிருந்தது. இது ஒரு வளவின் ஒரு கிணறு, ஒரு வாரத்து நீர். கடலோரத்திலும் தீவுப் பகுதியிலும் உள்ள உவர்க் கிணறுகளுக்கு இந்தச் சோதனையையே அப்படியே கொண்டுபோக முடியாது, ஏனெனில் சோடியம் குளோரைட்டு மிகுந்த நீரில் அந்த உப்பே சவர்க்காரத்தைக் கரைய விடாமல் நுரையைக் கெடுக்கும். அங்கே கூடுதலாகச் செலவாகும் சவர்க்காரம் முழுவதையும் வன்மையின் கணக்கில் எழுத முடியாது.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை இறுதி வடிவத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினாள். அவளுடைய அம்மம்மா ஆறு அட்டைகளையும் தள்ளிப் பார்த்துவிட்டு, "அப்ப சுட வைச்சுக் குடிச்சா எங்கட தண்ணி நல்லதெண்டு சொல்லுறாய்" என்றார். அப்படி ஓர் அட்டையிலும் இல்லை. ஆனால் கொதித்தால் குறைகிறது என்ற பட்டையைக் கண்ட கண்ணுக்கு அதுவே பொருளாகப் பட்டது. கொதிக்க வைப்பது கிருமிகளை அழிக்கும், தற்காலிக வன்மையைப் படிய வைக்கும்; தோட்டப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நம் கிணறுகளுக்குள் இறங்குகிற நைத்திரேற்றை அது அகற்றாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும், அந்த நிலையான வன்மையைப் போலவே. அவள் பாத்திரத்தின் படத்தைத் திரும்பத் திறந்து, 400 என்ற அம்புக்குறிக்குப் பக்கத்தில் "இந்தச் சோதனை குடிநீரின் தரத்தைச் சொல்லாது, படியாதவை எல்லாம் இந்த 400க்குள் அடர்ந்திருக்கின்றன" என்று எழுதிச் சேர்த்தாள். அதற்கு இடம் வேண்டி வரைபடத்தைச் சற்றுச் சுருக்க வேண்டியிருந்தது.